சலசலப்பைத் தேடும் இரண்டு லூப்புகள்

ஒரு நீண்ட உரைக்குள் ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று தேடும் நிரலை, சி மொழி கற்பவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே எழுதிப் பார்த்துவிடுவார்கள். லூப்புக்குள் லூப். வெளி லூப் உரையில் ஒவ்வோர் இடமாக நகரும். உள் லூப் அந்த இடத்திலிருந்து தேடுசொல்லை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும். இதே வேலைக்கு `string.h` தலைப்புக் கோப்பில் `strstr` என்ற ஃபங்ஷன் ஆயத்தமாகக் கிடைக்கிறது. அப்படியிருக்க, கையால் எழுதியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஆங்கில உரையை வைத்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும், தமிழ் உரையை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வேறு விடை. நான் தமிழையே எடுத்துக்கொள்கிறேன்.

```c
char *thedu(const char *h, const char *n)
{
    for (;; h++) {
        size_t j = 0;
        while (n[j] && h[j] == n[j]) j++;
        if (!n[j]) return (char *)h;
        if (!*h) return NULL;
    }
}
```

`h` என்பது உரை, `n` தேடுசொல். தேடுசொல் முழுக்கப் பொருந்திவிட்டால் அந்த இடத்தின் முகவரியைத் திருப்பித் தருகிறது, உரை தீர்ந்துவிட்டால் `NULL`. தேடுசொல் காலியாக இருந்தால் உரையின் தொடக்கத்தையே தரும். `strstr` செய்வதும் அதுதான்.

பலர் இதை `strlen` கொண்டு உரையின் நீளத்தை `n` என்றும் தேடுசொல்லின் நீளத்தை `m` என்றும் அளந்து, `i <= n - m` என்ற நிபந்தனையோடு எழுதுவார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. `strlen` தருவது `size_t`. அதற்கு எதிர்மறை எண்ணே கிடையாது. உரை 5 பைட், தேடுசொல் 8 பைட் என்றால் கழித்தல் −3 ஆகாமல் ஒரு பிரம்மாண்டமான எண்ணாகச் சுருண்டுவிடும். லூப் உரையைத் தாண்டி, தனக்குச் சொந்தமில்லாத மெமரிக்குள் ஓடத் தொடங்கும். சிறிய உரையில் பெரிய சொல்லைத் தேடிப் பார்க்காதவரை இந்தப் பிழை வெளியே தெரியாது. நிபந்தனையை `i + m <= n` என்று திருப்பி எழுதினால் போதும்.

இப்போது ஒரு தேடலை நெருங்கிப் பார்ப்போம். தேடுசொல் 'சலசலப்பு'. உரையில் யாரோ ஒரு 'சல' கூடுதலாகத் தட்டிவிட்டார்கள்: 'சலசலசலப்பு'. கண்ணுக்கு உடனே தெரிகிறது, இரண்டாவது 'சல'விலிருந்து தேடுசொல் முழுதாக இருக்கிறது. லூப் என்ன செய்யும்? முதல் இடத்திலிருந்து ச, ல, ச, ல நான்கும் பொருந்தும். ஐந்தாவதாகத் தேடுசொல் 'ப' எதிர்பார்க்கிறது, உரையில் இருப்பதோ 'ச'. பொருந்தவில்லை. வெளி லூப் முதல் இடத்துக்கே திரும்பிப் போய், அதற்கு அடுத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

இந்தத் திரும்பிப் போவது வீண்வேலை என்று தோன்றும். அதனால் சிலர் உள் லூப்பை எடுத்துவிட்டு, பொருந்தாதபோது தேடுசொல்லின் குறியீட்டை மட்டும் பூஜ்யமாக்கி, உரையில் நின்ற இடத்திலிருந்தே முன்னே போவார்கள். மூன்றாவது 'சல'வில் நின்றுகொண்டு அது ச, ல என்று பொருத்தும். அடுத்து 'ச' வேண்டும், வருவது 'ப'. உரை முடிந்துவிடும், 'கிடைக்கவில்லை' என்று பதில் வரும். சொல் அங்கேதான் இருக்கிறது! பெரும்பாலான சொற்களில் இந்தச் சுருக்குவழி சரியாகவே வேலை செய்வதுதான் இதன் ஆபத்து. தன் தொடக்கத்தைத் தன்னுள்ளேயே திரும்பச் சொல்லும் சொற்களில்தான் மாட்டிக்கொள்ளும். கிடுகிடு, மளமள, சலசல என்று இரட்டித்தே பேசும் மொழியில் அப்படிப்பட்ட சொற்களுக்குப் பஞ்சமில்லை. நிரலைச் சோதிக்க இவற்றைப் போல் தோதானவை வேறில்லை.

இதுவரை 'எழுத்து' என்று சொன்னேன். கணினி பார்ப்பது பைட்டுகளை. UTF-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'ச' என்பது `E0 AE 9A`, 'ல' என்பது `E0 AE B2`, 'ப' என்பது `E0 AE AA`. புள்ளி தனிக் குறி, `E0 AF 8D`. ஆக 'சலசலப்பு' 8 குறிகள், 24 பைட். நம் உரை 30 பைட். முதல் இடத்தில் 14 பைட்டுகள் பொருந்தி 15ஆவதில் தவறுகிறது. 'ப', 'ச' இரண்டுக்கும் முதல் இரு பைட்டுகள் ஒன்றே என்பதால் வேறுபாடு மூன்றாம் பைட்டில்தான் தெரிகிறது. அடுத்த இரண்டு இடங்களும் எழுத்தின் நடுவில் விழுவதால் ஒவ்வோர் ஒப்பீட்டிலேயே தள்ளப்படுகின்றன. பிறகு 'ல'வில் 3 ஒப்பீடு, மறுபடி ஒவ்வொன்றாக இரண்டு, கடைசியில் முழுப் பொருத்தத்துக்கு 24. மொத்தம் 46.

சாதாரண ஆங்கில உரையில் நம் எளிய லூப் ஓர் இடத்துக்கு ஒன்றுக்குச் சற்றே மேற்பட்ட ஒப்பீடுதான் செய்யும். முதல் எழுத்திலேயே பெரும்பாலும் தவறிவிடும். தமிழில் எந்தக் குறியை எடுத்தாலும் முதல் பைட் `E0`. அதனால் ஒரு குறிக்குக் குறைந்தது 4, பெரும்பாலும் 5 ஒப்பீடுகள் ஆகின்றன. ஆனாலும் இது உரையின் நீளத்துக்கு நேர்விகிதம்தான். ஒரு நாவல் முழுக்கத் தேடினாலும் காத்திருப்பதை யாரும் உணரமாட்டார்கள்.

லூப் உண்மையில் திணறுவது வேறிடத்தில். உரை 10 லட்சம் `a`. தேடுசொல் 999 `a`, கடைசியில் ஒரு `b`. ஒவ்வோர் இடத்திலும் 999 பொருந்தி ஆயிரமாவதில் தவறும். இப்படி 9,99,001 இடங்கள். ஒப்பீடுகள் 99,90,01,000, அதாவது கிட்டத்தட்ட 100 கோடி. இதை யார் தேடப்போகிறார்கள் என்று கேட்கலாம். கோடு கோடாகப் பிரித்த பதிவுக் கோப்புகளும் வெற்றிடத்தால் நிரப்பிய அட்டவணைகளும் இதன் சிறு வடிவங்கள்தாம். தேடுசொல்லை வெளியார் அனுப்பும் சேவையாக இருந்தால், ஒருவர் வேண்டுமென்றே இப்படி அனுப்பி சர்வரை மூச்சுத்திணற வைக்கலாம்.

சரி, `strstr`? சி மொழியின் தரநிலை அது என்ன தர வேண்டும் என்று மட்டும் சொல்கிறது, எப்படித் தேட வேண்டும் என்று சொல்வதில்லை. எனவே '`strstr` வேகமானது' என்ற பேச்சுக்கு, எந்த நூலகத்தின் `strstr` என்று சொல்லாதவரை பொருளில்லை. லினக்ஸில் பரவலாக இருக்கும் glibc-யின் `strstr`கூட 2008 வரை மோசமான உரைகளில் நம் லூப்பைப் போலவே திணறியது. அந்த ஆண்டு எரிக் பிளேக் அதைத் திருத்தி எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது குரோஷ்மோர், பெரென் இருவரும் 1991இல் வெளியிட்ட இருவழி முறை. தேடுசொல்லைக் கணக்குப் பார்த்து ஓரிடத்தில் இரண்டாக வெட்டுகிறது. வலப் பாதியை இடமிருந்து வலமாக ஒப்பிடுகிறது. அது பொருந்தினால்தான் இடப் பாதியை ஒப்பிடுகிறது. வெட்டிய இடம் சரியானது என்பதால், வலப் பாதியில் எத்தனையாவது பைட்டில் தவறியதோ அத்தனை இடம் துணிந்து தாண்டிவிடலாம். உரை எவ்வளவு கெட்ட உரையாக இருந்தாலும் ஒப்பீடுகள் அதன் நீளத்தின் இரு மடங்கைத் தாண்டாது. நம் 100 கோடி இங்கே 20 லட்சத்துக்குள் அடங்கிவிடும்.

திரும்பிப் போகாமல் தேடும் முறையை அதற்கு முன்பே, 1977இல், நூத், மோரிஸ், பிராட் மூவரும் வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அதற்குத் தேடுசொல் நீளத்துக்கு ஓர் அட்டவணை வேண்டும். `strstr` அந்த மெமரியைக் கேட்டு, கிடைக்காமல் போனால் என்ன செய்யும்? அதனால் சொல்ல முடிந்தவை இரண்டே: முகவரி, அல்லது `NULL`. 'மெமரி இல்லை' என்று சொல்ல வழியில்லை. இருவழி முறைக்கு அந்த அட்டவணையே தேவையில்லை என்பது நூலகம் எழுதுபவர்களுக்குப் பெரிய நிம்மதி.

இன்றைய glibc-யின் பொது வடிவம் இருவழி முறையை 256 பைட்டுக்கு மேற்பட்ட தேடுசொற்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது. அதற்குக் குறைந்தவற்றுக்கு, மிகச் சிறியவை நீங்கலாக, ஹார்ஸ்பூல் 1980இல் சொன்ன யோசனையின் ஒரு மாற்று: தேடுசொல்லின் நீளத்துக்கு ஒரு சட்டம் வைத்து, அதன் முன்முனையை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு பைட்டை முதலில் பார்ப்பது. 24 பைட் சட்டத்தின் கடைசியில் `AE B0` நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 'ர'வின் வால். 'சலசலப்பு'வில் 'ர' எங்குமே இல்லை. எனவே நடுவில் இருப்பதைப் பார்க்காமலே 23 பைட் தாண்டலாம். சொல் நீளமானால் தாண்டலும் நீளும். நம் லூப்பால் ஒருபோதும் முடியாத காரியம் இது. அது ஒவ்வொரு பைட்டையும் தொட்டாக வேண்டும்.

தமிழ் இங்கேயும் குறுக்கே நிற்கிறது. சட்டத்தின் முனையில் `E0 AE` வந்தால் அந்த ஜோடி தேடுசொல்லில் எங்கும் இருக்கும், தாண்டல் சில பைட்டுகளோடு நின்றுவிடும். இன்னும் சங்கடம், x86-64 கணினிகளுக்கென்று glibc வைத்திருக்கும் SSE2 வடிவத்தில். அது தேடுசொல்லின் முதல் இரண்டு பைட்டை எடுத்துக்கொண்டு, உரையில் 16 இடங்களை ஒரே மூச்சில் சலிக்கும். ஆங்கிலத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்து ஜோடி அடிக்கடி வராது, சல்லடை நன்றாகச் சலிக்கும். தமிழில் எல்லா உயிரெழுத்தும் மெய்யடிகளும் `E0 AE` என்றே தொடங்குவதால், குறிகளில் பெரும்பாலானவை சல்லடையில் தங்கிவிடும். இப்படி வீண்வேலை மிகுந்தால் அது பொது வடிவத்திடம் தேடலை ஒப்படைத்துவிடும் ஏற்பாடும் உண்டு. ஆகவே ஆங்கில உரையில் அளந்த வேகத்தைத் தமிழ் உரைக்கும் வாக்குறுதியாகக் கொள்ளக்கூடாது.

அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. `-O2` போட்டுத் தேடலை ஆயிரம் முறை ஓடவிட்டு, விடையை எங்கும் பயன்படுத்தாவிட்டால், கம்பைலர் அந்த அழைப்புகளையே தூக்கிவிடலாம். அல்லது ஒரே முறை தேடி நிறுத்திக்கொள்ளலாம். கண்டுபிடிப்பது எளிது: சுற்றுகளைப் பத்து மடங்காக்கியும் நேரம் அப்படியே நின்றால் எதுவும் ஓடவில்லை என்று பொருள். கிடைத்த முகவரிகளைக் கூட்டிக் கடைசியில் அச்சிடுங்கள், சுற்றுக்குச் சுற்று தொடங்கும் இடத்தையும் மாற்றுங்கள். `-O0`வில் அளப்பதும் நியாயமில்லை. உங்கள் லூப் மட்டும் சீர்செய்யப்படாமல் ஓடும், நூலகமோ ஏற்கெனவே சீர்செய்து வந்தது.

வேகத்தை விடுங்கள், இரண்டும் ஒன்றுபோலத் தோற்கும் இடங்களும் இருக்கின்றன. 'பல' என்று தேடினால் 'பல்'லிலும் கிடைக்கும், ஏனென்றால் புள்ளி அடுத்த குறி. 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒரே ஒகரக் குறியாக, அல்லது க-வோடு ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றே. உரையில் ஒரு விதமும் தேடுசொல்லில் மறு விதமும் இருந்தால் `thedu`, `strstr` இரண்டும் `NULL` என்றே சொல்லும். தேடுவதற்கு முன்பே உரையையும் தேடுசொல்லையும் யூனிகோடின் NFC வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.