‘ஏன் போன எடுக்கல?’ - ஓயாமல் அழைக்கும் துணையும், தீர்வாகும் ‘பேசும் நேர’ ஒப்பந்தமும்

“சாப்டியா?”, “எங்க இருக்க?”, “பாத்துட்டு ஏன் ரிப்ளை பண்ணல?”. வேலை நிமித்தம் வேறு வேறு ஊர்களில் வசிக்கும் தம்பதிகளில் பலருக்கு இந்தக் கேள்விகள் நன்றாகவே தெரியும். ஆரம்பத்தில் பாசமாகத் தெரிகிற இந்த விசாரிப்பு, சில மாதங்களில் ஒருவருக்கு மூச்சுமுட்டலாகவும், இன்னொருவருக்குத் தீராத தவிப்பாகவும் மாறிவிடுகிறது. “இவ்ளோ போன் பண்ணாத” என்று சொன்னால் அழைப்புகள் குறைவதில்லை. பல நேரங்களில் அதிகமாகின்றன. ஏன் அப்படி? என்ன செய்யலாம்?

தவிப்பு எங்கிருந்து வருகிறது?

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்து ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அவருடன் பணியாற்றிய உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த், தாய் சில நிமிடங்கள் அறையைவிட்டு வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் குழந்தைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்தார். சில குழந்தைகள் அழுதாலும், தாய் வந்ததும் சமாதானமாகிவிட்டன. சில குழந்தைகளோ தாயை ஒட்டிக்கொண்டும், அதே சமயம் கோபத்தில் உதைத்துக்கொண்டும், எளிதில் அடங்காமல் இருந்தன.

காதல் உறவிலும் இப்படி நடக்குமா என்று ஹேசன், ஷேவர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் யோசித்தார்கள். டென்வர் நகரின் நாளிதழ் ஒன்றில் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டு, வாசகர்களின் பதில்களைத் தொகுத்தார்கள். 1987-ல் வெளியான அந்த ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ‘துணை என்னை விட்டுப் போய்விடுவாரோ’ என்ற பதற்றம் உள்ளவராகத் தன்னை அடையாளம் கண்டிருந்தார். ஆக, ஓயாமல் போன் செய்கிறவர் வேண்டுமென்றே தொல்லை தருகிறார் என்று முடிவுகட்டிவிட முடியாது. பதில் வராத அந்த இடைவெளிதான் அவரைப் படுத்துகிறது.

ஒன்பதாவது அழைப்பில் நடக்கும் தப்பு

ஓர் உதாரணம் பார்ப்போம். திருமணமாகி ஆறு மாதமான ஒரு ஜோடி. மனைவி சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கணவர் தேனியில் கடை நடத்துகிறார். மனைவிக்குக் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை டூட்டி.

காலை 10 மணிக்குக் கணவர் மெசேஜ் அனுப்புகிறார். மனைவி பார்த்துவிட்டார். நீல டிக் விழுந்துவிட்டது. ஆனால், வார்டில் டாக்டர் ரவுண்ட்ஸ் நடப்பதால் பதில் போட முடியவில்லை. 10.20-க்கு முதல் அழைப்பு. அடுத்த அரை மணி நேரத்தில் எட்டு மிஸ்டு கால். ஒன்பதாவது அழைப்பை, வார்டுக்கு வெளியே ஓடிவந்து எடுத்து, “டூட்டில இருக்கேன்னு தெரியாதாங்க? எதுக்கு இத்தன தடவ கூப்பிடுறீங்க?” என்று கத்துகிறார் மனைவி.

திட்டு விழுந்தாலும், கணவரின் மனதில் பதிவது வேறொன்று: ‘ஒன்பது முறை கூப்பிட்டால் எடுப்பாள்.’ சில நாள் இரண்டாவது அழைப்பிலேயே பதில் கிடைக்கும், சில நாள் பன்னிரண்டாவதில்தான் கிடைக்கும். எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாத பலனுக்காகத்தான் மனிதரும் விலங்கும் விடாமல் முயல்வார்கள் என்பது நடத்தை உளவியலில் உறுதியான முடிவு. சூதாட்ட இயந்திரம் ஆளைக் கட்டிப்போடுவதும் இதே முறையில்தான்.

இன்னொரு பக்கம், எரிச்சலில் மனைவி போனை சைலன்ட்டில் போட ஆரம்பிக்கிறார். அவர் விலக விலகக் கணவரின் பயம் கூடுகிறது. பயம் கூடக் கூட அழைப்பும் கூடுகிறது. ஆகவே எண்ணிக்கையை மட்டும் குறைக்கச் சொல்வது பலன் தராது. பதில் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

நேரத்தை எப்படி வகுப்பது?

முதலில், இருவரும் நேரில் சந்திக்கும் ஒரு நாளில், சண்டை இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். ஒரு வாரத்துக்கான கால் லிஸ்ட்டை இருவருமே பாருங்கள். அழைப்புகள் எந்த நேரத்தில் குவிகின்றன என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன ஜோடிக்கு அவை காலை 10 முதல் 12 வரையிலும், இரவு டூட்டி நாட்களிலும் குவிந்திருந்தன என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, கண்டிப்பாகக் காப்பாற்றக்கூடிய நேரங்களை மட்டும் குறியுங்கள். காலை 6.30-க்கு மனைவியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ், மதியம் 2.15-க்குப் பத்து நிமிடப் பேச்சு, இரவு 9 மணிக்கு அரை மணி நேரம் நிதானமான அழைப்பு. ஷிஃப்ட் மாறினால் வாரத் தொடக்கத்திலேயே டூட்டி அட்டவணையை அனுப்பிவிடலாம். கேட்காமலேயே வருகிற ஒரு மெசேஜ், கேட்டு வாங்கிய பத்துப் பதில்களைவிட அதிகமாக மனதை ஆற்றும்.

மூன்றாவது, போகும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்வது. “அப்புறம் பேசுறேன்” என்பது பதற்றக்காரருக்குப் பதிலே இல்லை. “ரவுண்ட்ஸ் போறேங்க, 2.15-க்குக் கூப்பிடுறேன்” என்றால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது. தாமதமானால் “அரை மணி லேட்” என்று ஒரு வரி போதும்.

நான்காவது, அவசரத்துக்குத் தனி வழி. “அவசரம்” என்று ஒரு மெசேஜ் அனுப்பி, அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் எப்படியாவது எடுக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம். ஒரு விஷயம் கவனிக்க: போனில் ‘தொந்தரவு செய்யாதே’ வசதியைப் போட்டிருந்தாலும், ஒரே எண்ணிலிருந்து சற்று நேரத்துக்குள் மீண்டும் அழைப்பு வந்தால் அதை அனுமதிக்கும் அமைப்பு பல போன்களில் உண்டு. அவசர வழிக்கு அது உதவும். ஆனால், வழக்கமான தொடர் அழைப்புகளும் அதே வழியாக உள்ளே வந்துவிடும். செட்டிங்ஸில் பார்த்து இருவரும் பேசி முடிவெடுங்கள்.

முதல் சில நாட்கள் கஷ்டம்தான்

புது ஏற்பாடு தொடங்கியதும் அழைப்புகள் குறைவதற்குப் பதில் கூடலாம். பழைய வழி பலிக்காதபோது அதையே இன்னும் வேகமாக முயல்வது இயல்பு. இந்த நாட்களில் பொறுக்க முடியாமல் பதினைந்தாவது அழைப்பை எடுத்தால், ‘பதினைந்து வேண்டும் போல’ என்ற பாடமே மிஞ்சும். அதே சமயம், குறித்த 2.15-ஐத் தவறவிட்டால் மொத்த ஏற்பாடும் நம்பிக்கை இழக்கும். இருவருக்கும் இதில் சமபங்கு உண்டு.

காத்திருப்பவர், கூப்பிடத் தோன்றும்போது மனதில் ஓடுவதை ஒரு தாளில் எழுதலாம்: ‘கோபமா இருக்காளோ’, ‘ஆக்சிடென்ட்டோ’. இரவில் பேசிய பிறகு, நிஜத்தில் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள்: ‘ரெண்டு அட்மிஷன் வந்துச்சு’. இரண்டு வாரத்தில் அந்தத் தாளே பேசும்.

பலன் தெரிகிறதா என்பதை எண்ணிக்கையைவிடப் பேச்சில்தான் கண்டுபிடிக்க முடியும். “ஏன் எடுக்கல” என்று தொடங்கிய இரவுப் பேச்சு, “இன்னைக்குக் கடைல என்ன நடந்துச்சு தெரியுமா” என்று தொடங்கினால் வழி சரி.

இது பாசம் இல்லை என்றால்?

பதற்றக்காரருக்கு ஆறுதல் கிடைத்தால் அடங்குவார். கட்டுப்படுத்துகிறவர் அடங்க மாட்டார். வீடியோ காலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது, லைவ் லொகேஷனை எப்போதும் போட்டு வைக்கக் கட்டாயப்படுத்துவது, பாஸ்வேர்டு கேட்பது, தோழிகளுடன் பேசக் கூடாது என்பது, எடுக்காவிட்டால் மிரட்டுவது ஆகியவற்றை நேர அட்டவணையால் சரிசெய்ய முடியாது. பெண்கள் 181 உதவி எண்ணை அழைக்கலாம். தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குப் பதற்றம் இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம்.