மெயிலைக் கடைசி வரி வரை படியுங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் கல்வி உதவி தரும் அறக்கட்டளைகளின் பொது மெயில் பெட்டி நிரம்பத் தொடங்கும். பிளஸ் டூ முடிவு வந்திருக்கும். கல்லூரிகள் கட்டணத்துக்குக் கெடு வைத்திருக்கும். அந்தப் பெட்டியின் முன் உட்காருபவர்கள் பெரும்பாலும் புதிய தன்னார்வலர்கள். வேலை முடிந்து வந்து மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும்தான். ஒரு நாள் பயிற்சி வகுப்பெல்லாம் இவர்களுக்கு வேண்டாம், ஒரு பக்கக் குறிப்பு போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் சரியானவை இருக்க வேண்டும்.

பலர் சேர்ந்து பார்க்கும் ஜிமெயில் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. இரவு ஒருவர் தன் போனில் ஒரு மெயிலைத் திறந்து படிக்கிறார், காலையில் பதில் எழுதலாம் என்று மூடிவிடுகிறார். அவர் திறந்த உடனேயே அந்த மெயிலின் தடித்த எழுத்து எல்லோருடைய திரையிலும் மெலிந்துவிடும். மறுநாள் பார்ப்பவர்கள் ‘யாரோ கவனித்துவிட்டார்கள்’ என்று தாண்டிப் போவார்கள். இப்படித்தான் மெயில்கள் தொலைகின்றன. அதனால் பக்கத்தின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: திறந்தால் உங்கள் பெயர் லேபிளைப் போடுங்கள், எடுத்துக்கொள்ள முடியாதென்றால் ‘படிக்காதது’ என்று மாற்றிவிட்டு வெளியே வாருங்கள்.

லேபிள்கள் குறைவாக இருந்தால்தான் ஒழுங்காகப் போடுவார்கள். இருபது வகை வைத்தால் எது எதற்கு என்று யோசிப்பதிலேயே நேரம் போகும். ஒவ்வொரு மெயிலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். எதைப் பற்றியது: கல்வி, மருத்துவம், நன்கொடை, மற்றவை. யார் கையில் இருக்கிறது: தன்னார்வலரின் பெயர். எந்த நிலையில் இருக்கிறது: காத்திருக்கிறது, முடிந்தது. இவற்றோடு ‘அவசரம்’ என்ற சிவப்பு லேபிள் ஒன்று. ஒரே மெயிலில் இரண்டு விஷயங்கள் இருந்தால் இரண்டு லேபிள்களையும் போடலாம். ‘முடிந்தது’ என்று வைத்த மெயிலுக்கு எதிரில் இருப்பவர் மறுபடி எழுதினால், அந்த லேபிளை எடுத்துவிட வேண்டும்.

பொறுப்பாளர் தினமும் காலையில் தேடல் பெட்டியில் இந்த இரண்டையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க வேண்டும்:

```
in:inbox has:nouserlabels
label:காத்திருக்கிறது older_than:3d
```

முதலாவது, லேபிளே போடாத மெயில்களைக் காட்டும். இரண்டாவது, மூன்று நாளுக்கு மேல் காத்திருப்பவற்றைக் காட்டும். ஸ்பேம் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். முதல்முறை எழுதுகிறவர்களின் மெயில் அங்கே போய் விழுவதுண்டு, 30 நாளில் ஜிமெயில் அதைத் தானாக அழித்துவிடும்.

இனி, பதில் எழுதும் முறை. ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. விரைவில் தொடர்பு கொள்கிறோம்’ என்ற பதில் மரியாதையாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ‘விரைவில்’ ஒரு குடும்பத்தை இரண்டு வாரம் வேறு எங்கும் கேட்கவிடாமல் உட்கார வைத்துவிடும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘உங்கள் மெயில் கிடைத்தது. மதிப்பெண் பட்டியலும் கல்லூரி தந்த கட்டண விவரமும் அனுப்புங்கள். எங்கள் குழு ஜூலை 10 அன்று கூடுகிறது. அதற்கு முன் எங்களால் உறுதி சொல்ல முடியாது. கல்லூரியின் கெடு அதற்கு முன்பே முடிகிறதென்றால் அவகாசம் கேட்டுப் பாருங்கள்.’ இதில் தேதி இருக்கிறது, அடுத்து செய்ய வேண்டியது இருக்கிறது, தர முடியாத வாக்குறுதி இல்லை.

உதவ முடியாது என்பது தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கூடவே வேறு ஒரு வழியையும் காட்டுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களைப் பற்றிக் கல்லூரியில் விசாரிக்கச் சொல்லலாம். எழுதியவர் பதினேழு வயதுப் பிள்ளையானாலும் ‘நீங்கள்’தான். அவர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாலும் நாம் எளிய தமிழில் எழுதுவோம்.

பக்கத்தில் பாதி இடத்தைக் கடைசிப் பகுதிக்கு ஒதுக்க வேண்டும்: எந்த மெயிலுக்குத் தன்னார்வலர் தானாகப் பதில் எழுதக் கூடாது, யாரிடம் கொண்டுபோக வேண்டும்?

இப்படி ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு ‘காலேஜ் பீஸ் உதவி’. மதிப்பெண், கல்லூரி, தொகை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நான்காவது பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி: ‘அப்பா குடித்துவிட்டு வந்து தினமும் தங்கச்சியை அடிக்கிறார், அவள் எட்டாவது படிக்கிறாள், நான் ஹாஸ்டலுக்குப் போனால் அவளுக்கு யாரும் இல்லை.’ அதன் பிறகு மறுபடி கட்டண விவரம். முதல் பத்தியைப் படித்ததும் ‘கல்வி’ என்று லேபிள் போட்டு நகர்ந்தவர் கண்ணில் அந்த வரி படாது. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் முக்கியமானதை நடுவில்தான் வைப்பார்கள்.

கடைசி வரை படித்தவர் செய்ய வேண்டியது இது. ‘கல்வி’யோடு ‘அவசரம்’ லேபிளையும் போட வேண்டும். உடனே பொறுப்பாளருக்குப் போன் செய்ய வேண்டும். மெயிலை ஃபார்வர்டு செய்தால் மட்டும் போதாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அது படிக்கப்படாமல் கிடக்கும். போனில் நான்கு விஷயங்கள் சொன்னால் போதும்: எழுதியவர் யார், அவருடைய சொற்களில் அந்த வரி என்ன, நான் இதுவரை என்ன செய்தேன், எப்போதுக்குள் முடிவு வேண்டும். பொறுப்பாளர் எடுக்காவிட்டால் பக்கத்தில் எழுதியுள்ள இரண்டாவது எண். இருவருமே கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ நேரடியாக அழைக்கலாம்.

மெயிலில் உடனே பதில் எழுதி ‘தங்கையை எப்படி அடிக்கிறார், எப்போதிலிருந்து?’ என்று விசாரிக்கக் கூடாது. அந்த மெயில் முகவரி அப்பாவின் போனிலேயே திறந்திருக்கலாம். பொறுப்பாளர் முடிவு செய்யும் வரை பதிலில் கட்டணம் பற்றி மட்டும் எழுதி, எந்த எண்ணில் எந்த நேரம் பேச வசதி என்று கேட்டால் போதும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுப்பதும் தவறு, அதைக் காப்பாற்ற முடியாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். எழுதியவரே உயிரை விட்டுவிடலாம் என்பது போல் எழுதியிருந்தாலும் இதே போல உடனே போன்தான். மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது.

பணம் சம்பந்தப்பட்ட மெயில் ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. டொரன்டோவிலிருந்து ஒருவர் ‘அக்கவுன்ட் நம்பர் அனுப்புங்கள், இன்றே போடுகிறேன்’ என்கிறார். நல்ல மனதோடு நாம் உள்ளூர் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பிவிட்டால் அறக்கட்டளைக்குச் சிக்கல். கனடா குடியுரிமை பெற்றவர் தமிழரே ஆனாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையிலுள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வேறு கணக்கு. இந்த வேறுபாட்டைத் தன்னார்வலர் முடிவு செய்ய வேண்டாம். நன்றி சொல்லி, ‘கணக்குப் பொறுப்பாளர் உங்களுக்கு எழுதுவார்’ என்று தெரிவித்து அவரிடம் ஒப்படைத்தால் போதும். பத்திரிகையாளர், வக்கீல் எழுதும் மெயில்களும் அப்படியே.

உங்கள் அமைப்பிலும் இப்படியொரு பொது மெயில் இருக்கிறதென்றால், அந்தப் பக்கத்தில் எழுதப்போகும் இரண்டு எண்களையும் இந்த வார ஞாயிறு மாலை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லையென்றால், எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணை எழுதிய பிறகே புதியவர்களிடம் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.