சுடர் சாயணும், அணையக் கூடாது

குளியலறையிலிருந்து கட்டில் வரை 12 அடிதான். அந்த 12 அடியைக் கடப்பதற்குள் அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டிவிடுகிறது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றை அள்ளி அள்ளி இழுக்கிறார். தோள்கள் காது வரை ஏறி இறங்குகின்றன. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நின்றுகொண்டு, "நல்லா இழுத்து மூச்சு விடுங்கம்மா" என்கிறார்கள். அம்மா இன்னும் வேகமாக இழுக்கிறார். இரைப்பு இன்னும் கூடுகிறது.

இவர் குறிப்பிட்ட ஒருவர் இல்லை. சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள வீடுகளில் நடப்பதை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறோம். வயது 68 என்று வைத்துக்கொள்வோம். பீடி, சிகரெட் பக்கமே போகாதவர். ஆனால் 40 வருடம் புகைபோக்கி இல்லாத சமையற்கட்டில் விறகையும் வறட்டியையும் எரித்துச் சமைத்தவர். இந்த நோய்க்குப் புகைபிடிப்பு முதன்மைக் காரணம் என்றாலும், இந்தியப் பெண்கள் பலருக்கு அடுப்புப் புகையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

குடும்பத்தார் சொன்ன யோசனை நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் தலைகீழானது. அம்மாவின் சிக்கல் காற்று உள்ளே போகாதது என்பதைவிட, உள்ளே போன காற்று வெளியே வராததுதான்.

நுரையீரலின் நுனியில் திராட்சைக் குலைபோல் நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களுக்கு இலாஸ்டிக்போல் சுருங்கும் குணம் உண்டு. மூச்சை உள்ளே இழுத்ததும் விரியும். விட்டதும் தானாகச் சுருங்கிக் காற்றை வெளியே தள்ளும். அதே சுவர்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. பந்தலை நாலு பக்கமும் கயிறு இழுத்துப் பிடிப்பதுபோல, சின்னச் சின்ன மூச்சுக்குழாய்களைச் சுற்றிலுமிருந்து இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. பல வருடப் புகை இந்த இலாஸ்டிக்கைத் தளர்த்திவிடுகிறது. கயிறு அறுந்த பந்தல் என்ன ஆகும்? மூச்சை வெளியே விடும்போது, அதிலும் அவசரமாக அழுத்தி விடும்போது, நெஞ்சுக்குள் ஏறும் அழுத்தம் அந்தக் குழாய்களை நசுக்கி மூடிவிடுகிறது. காற்று உள்ளேயே சிறைப்படுகிறது.

டவுன் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிறவர்கள் முண்டியடித்தால் என்ன நடக்குமோ அதுதான் அடுத்து நடக்கிறது. பழைய காற்று வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே வருகிறது. வேகமாக மூச்சு வாங்க வாங்க மிச்சக் காற்று சேர்ந்துகொண்டே போகிறது. நெஞ்சு உப்பிக்கொள்கிறது. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்க வேண்டிய உதரவிதானம் என்ற தசை கீழே அமுங்கித் தட்டையாகிறது. மூச்சு இழுக்கும் பெரும்பாட்டை அந்தத் தசைதான் சுமக்கிறது. தட்டையான பிறகு அதற்கு இழுக்க இடமே இல்லை. எனவே கழுத்தும் தோளும் துணைக்கு வருகின்றன. அம்மாவின் தோள் காது வரை ஏறுவது அதனால்தான்.

உதடு குவித்து மூச்சு விடும் முறை இந்தச் சங்கிலியை ஒரு கண்ணியில் அறுக்கிறது. வாசலைக் குறுக்கினால் உள்ளே சற்று எதிரழுத்தம் தங்கும். அந்த அழுத்தம் நசுங்கப் பார்க்கும் குழாய்களை உள்ளிருந்து முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கும். காற்று மெதுவாக, ஆனால் கூடுதலாக வெளியேறும். அடுத்த மூச்சுக்கு இடம் கிடைக்கும். யாரும் கற்றுக்கொடுக்காமலே உதட்டைக் குவித்துக்கொள்ளும் நோயாளிகளும் உண்டு. உடம்பே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது.

பழகும்போது முதலில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தோள்களைத் தளரவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக, மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணும் நேரம் மூச்சை உள்ளே வாங்க வேண்டும். சாதாரண மூச்சு போதும். ஆழ இழுத்தால் ஏற்கெனவே உப்பிய நெஞ்சு இன்னும் உப்பும். பிறகு சூடான காபியை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து, 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று எண்ணும் நேரம் மூச்சை விட வேண்டும். நடுவில் அடக்கி வைக்கக் கூடாது. எண்ணிக்கை முக்கியமில்லை. வாங்கும் நேரத்தைவிட விடும் நேரம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தால் சரி. மூக்கு அடைத்திருந்தால் வாயால் வாங்கிக்கொள்ளலாம். விடுவதுதான் இங்கே பாடம்.

இந்தப் பாடத்தில் நம் அம்மா சறுக்குவது ஓரிடத்தில்தான். உதட்டைக் குவிக்கச் சொன்னதும் அவருக்கு ஊதாங்குழல் நினைவு வந்துவிடும். 40 வருடம் ஈர விறகோடு மல்லுக்கட்டிய பழக்கம் அப்படி. கன்னம் புடைக்க, வயிறு ஒட்ட, பலமாக ஊதுவார். பலமாக ஊதினால் அழுத்தம் ஏறி, எந்தக் குழாயைத் திறக்க நினைத்தோமோ அதே குழாய் நசுங்கும். அதனால் பிசியோதெரபிஸ்ட் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. "ஊதாதீங்கம்மா, சும்மா விடுங்க. எதிர்ல அகல் விளக்கு இருக்குன்னு நினைச்சுக்கோங்க. சுடர் சாயணும், அணையக் கூடாது." நினைத்துக்கொண்டால் போதும், ஏற்ற வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் அருகே நெருப்பு கூடவே கூடாது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை முகத்துக்கு எதிரே பிடித்து, அது ஒரே சீராகச் சாய்கிறதா என்று பார்க்கலாம்.

சரியாக வருகிறது என்பதை எப்படி அறிவது? உதட்டுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தால் மெல்லிய காற்று படும், அடிக்காது. கழுத்துத் தசைகள் தளரும். சில நிமிடத்தில் மூச்சின் வேகம் குறையும், ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடியும். மாறாகத் தலை சுற்றினாலோ விரல் நுனி மரத்தாலோ அளவுக்கு மீறிச் செய்கிறார் என்று பொருள். நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விட வேண்டும். இரைப்பு வந்த பிறகு இதைக் கற்றுக்கொள்ள முடியாது. தினமும் இரண்டு மூன்று வேளை, டி.வி. பார்க்கும்போதுகூட, சில நிமிடங்கள் பழகி வைத்திருந்தால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும்.

உதடு ஒரு பாதி என்றால் உட்காரும் விதம் மறு பாதி. நாற்காலியில் பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்களைச் சற்று அகட்டி, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடை மேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து தொங்கலாம். இதில் இரண்டு லாபம். முன்னால் சாயும்போது வயிற்றுள்ளுறுப்புகள் தட்டையான உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. குடை ஓரளவு மீண்டும் கவிகிறது, இழுக்கும் வலு திரும்புகிறது. கைகள் ஊன்றி நிற்பதால், கையைத் தாங்கிக்கொண்டிருந்த மார்பு, தோள் தசைகள் அந்த வேலையிலிருந்து விடுபட்டு விலா எலும்பை உயர்த்த வருகின்றன. அமெரிக்க மருத்துவர் ஆல்வன் பராக் 1974-இல் இந்த நிவாரணத்தைப் பற்றி எழுதினார். நோயாளிகளுக்கு அது அதற்கு முன்பே தெரியும். வருடக்கணக்கில் இப்படி உட்கார்ந்தவர்களின் தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, முழங்கை ஊன்றிய இடம் கறுத்துத் தடித்திருப்பதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

நாற்காலி எல்லா இடத்திலும் கிடைக்காது. சமையல் மேடையிலோ மாடிப்படிக் கைப்பிடியிலோ முன்கைகளை ஊன்றிச் சாயலாம். தெருவில் குட்டிச்சுவர், நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரின் சீட், எதுவும் உதவும். ஒன்றும் இல்லையென்றால் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்து, தோளைத் தளரவிட்டு நிற்கலாம். இரவில் மல்லாந்து படுப்பதுதான் மோசம். இடுப்பிலிருந்து தலைவரை தலையணைகளைச் சரிவாக அடுக்கி ஒருக்களித்துப் படுத்தால் எளிதாக இருக்கும். எல்லோருக்கும் எல்லா நிலையும் ஒத்துவராது. பெருத்த வயிறு உள்ள சிலருக்கு முன்னால் குனிவதே முட்டும். எது இதமோ அதுவே அவருக்கு உரியது.

இப்போது குளியலறைக்குத் திரும்புவோம். அம்மாவை அங்கே சாய்ப்பவை மூன்று: மக்கைத் தலைக்கு மேல் தூக்குவது, பாதம் துடைக்கக் குனிவது, முடித்த கையோடு நடப்பது. கையைத் தூக்கினால் மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த தோள் தசைகள் வேலையை விட்டுவிட்டுப் போகின்றன. அதனால்தான் தலை வாருவதும் கொடியில் துணி போடுவதும்கூட இரைக்கவைக்கின்றன. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கட்டும். மக்கைத் தூக்கும் முன் மூக்கால் வாங்கி, தூக்கி ஊற்றும்போது உதடு குவித்து விடட்டும். குனியும்போதும் அப்படியே. சிரமமான பாதி எதுவோ, அது மூச்சை விடும் நேரத்தில் நடக்க வேண்டும். மாடிப்படியிலும் நின்று வாங்கி, விட்டுக்கொண்டே ஓரிரு படி ஏறலாம். குளித்ததும் அழுத்தித் துடைக்காமல் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே சில நிமிடம் முன்சாய்ந்து இருந்துவிட்டு எழலாம். 12 அடிக்கு நடுவில் ஒரு நாற்காலி கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அப்படியும் இரைப்பு வந்தால்? நின்ற இடத்தில் நின்று, கிடைத்ததில் சாய வேண்டும். எடுத்த எடுப்பில் நாலு எண்ணிக்கை வராது. வருகிற வேகத்திலேயே தொடங்கி, ஒவ்வொரு முறையும் விடுவதைக் கொஞ்சம் நீட்டினால் போதும். வீட்டார் சூழ்ந்து நின்று கேள்வி கேட்கக் கூடாது, படுக்கவைக்கவும் கூடாது. ஒருவர் முகத்துக்கு எதிரே விசிறலாம். முகத்தில் படும் குளிர்ந்த காற்று அங்குள்ள நரம்பு வழியாகத் திணறல் உணர்வைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்தில் 2010-இல் வெளியான ஆய்வொன்றில், சிறு கைவிசிறிக் காற்று முகத்தில் பட்டபோது கிடைத்த நிவாரணம் காலில் பட்டபோது கிடைக்கவில்லை.

இவையெல்லாம் நோயைக் குணமாக்குவதில்லை, தளர்ந்த இலாஸ்டிக்கை இறுக்குவதுமில்லை. இன்ஹேலர் இன்ஹேலர்தான். நுரையீரல் தழும்பேறி இறுகும் நோயில் குழாய் நசுங்கும் சிக்கலே முதன்மையில்லை என்பதால், உதடு குவிப்பதன் பயனும் அங்கே குறைவு.

சில நிமிடம் சாய்ந்தும், மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை எடுத்தும் தணியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, ஓரிரு வார்த்தைக்கு மேல் பேச வரவில்லை, நெஞ்சு வலிக்கிறது, பேச்சு குழறி மயக்கமாகச் சொக்குகிறார் என்றால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை முன்சாய்ந்தே உட்கார்ந்திருக்கட்டும். வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் பதற்றத்தில் குமிழைத் திருகி அளவைக் கூட்டிவிடக் கூடாது. இந்த நோயாளிகள் சிலருக்கு மிதமிஞ்சிய ஆக்சிஜனால் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி மயக்கம் ஆழமாகும். வண்டியில் வருகிறவரிடம் 'சி.ஓ.பி.டி.' என்ற பெயரையும், வழக்கமாக எத்தனை லிட்டரில் வைக்கிறார்கள் என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும்.