‘சார், ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும்’

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு தொடங்கி ஓரிரு மாதம் ஆகிவிட்டால் பேராசிரியர்களுக்கு இப்படியொரு மின்னஞ்சல் வருவது வழக்கம்:

“மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்களிடம் படித்த மாணவி. வெளிநாட்டில் எல்.எல்.எம். படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். தாங்கள் ஒரு நல்ல பரிந்துரைக் கடிதம் தந்து உதவ வேண்டுகிறேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.”

மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு அவர் என்ன எழுதுவார்? எந்தப் பல்கலைக்கழகம், எந்த உதவித்தொகை, எந்தப் பாடத்தில் இந்த மாணவி தன்னிடம் படித்தார் என்று எதுவும் அதில் இல்லை. முகம் நினைவில் இருக்கலாம். அவர் எழுதிய விடைத்தாளும் கட்டுரையும் நினைவில் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே கடைசியில் “ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்புக்குத் தவறாமல் வருபவர்” என்று ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்தான் போய்ச் சேரும். அதே கட்டில் இருக்கும் இன்னும் பல விண்ணப்பங்களிலும் அதே வரிகள் இருக்கும்.

பரிந்துரைக் கடிதத்தின் தரம், அதைக் கேட்டு எழுதும் கடிதத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. எப்படி என்று பார்க்க கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.எம். படிப்பையும், அங்கே படிக்க வருவோருக்கான கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகையையும் எடுத்துக்கொள்வோம். பில் கேட்ஸ் தம்பதியின் அறக்கட்டளை தந்த நன்கொடையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கியது இந்த உதவித்தொகை. பிரிட்டனுக்கு வெளியே உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 80 இடங்கள் தருகிறார்கள். எல்லாத் துறைகளுக்கும், எல்லா நாடுகளுக்கும் சேர்த்துத்தான் இந்த 80.

இதில் பரிந்துரைகள் இரண்டு வகை. எல்.எல்.எம். படிப்புக்கு இரண்டு கல்விப் பரிந்துரைகள் வேண்டும். உதவித்தொகைக்கென்று தனியாக மூன்றாவது ஒன்று வேண்டும். விண்ணப்பத்தை முதலில் பார்ப்பது சட்டத் துறை. தன்னிடம் வந்த விண்ணப்பதாரர்களைத் தர வரிசைப்படுத்தி, முன்னணியில் உள்ளவர்களை மட்டும் அது உதவித்தொகைக் குழுவுக்கு அனுப்புகிறது. அந்தக் குழு பட்டியலை மேலும் சுருக்கி நேர்காணலுக்கு அழைக்கிறது. ஆகவே கல்விப் பரிந்துரையை முதலில் படிப்பவர் ஒரு சட்டப் பேராசிரியர். இந்த மாணவியால் ஒரு தீர்ப்பைப் பிரித்துப் படித்து, அதில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்து, தானாக ஒரு வாதத்தைக் கட்டி எழுப்ப முடியுமா என்பதுதான் அவர் தேடுவது. மூன்றாவது பரிந்துரையைப் படிப்பவர்களுக்கு வேறு கேள்விகள் உண்டு: இவர் தலைமை ஏற்கக்கூடியவரா, மற்றவர்களின் வாழ்க்கையை மேம்படுத்தும் அக்கறை உள்ளவரா?

பல மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். மூன்று பேருக்கும் ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து அனுப்பிவிடுவார்கள். கல்விப் பரிந்துரை எழுத வேண்டியவர் மாணவியின் சேவை உள்ளத்தைப் புகழ்ந்து எழுதுவார். சட்ட உதவி மையத்தில் அவருடைய வேலையைப் பார்த்தவர் மதிப்பெண்ணைப் பற்றி எழுதுவார். இரண்டும் வீண்.

இனி, ஒரு கற்பனை மாணவி தன் தொழிலாளர் சட்டப் பேராசிரியருக்கு அக்டோபர் முதல் வாரத்தில் எழுதும் கடிதத்தைப் பார்ப்போம். இந்தப் படிப்புக்கான விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். கடிதத்தில் உள்ள தேதியை மட்டும் அந்தந்த ஆண்டுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

“மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இறுதியாண்டு பி.ஏ., எல்எல்.பி. மாணவி. சென்ற ஆண்டு ஏழாம் பருவத்தில் தங்களிடம் தொழிலாளர் சட்டம் படித்தேன். கடை ஊழியர்களின் உட்காரும் உரிமை பற்றி, அதாவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு பற்றிக் கட்டுரை எழுதியது நான்தான். முதல் வரைவின் ஓரத்தில் தாங்கள், ‘சட்டம் வந்துவிட்டது, சரி. நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?’ என்று எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு தியாகராய நகரில் துணிக்கடை ஊழியர்கள் சிலரிடம் பேசி, ஆய்வாளர்களின் அதிகாரம் பற்றிய பகுதியை முழுவதும் மாற்றி எழுதினேன்.

கேம்பிரிட்ஜ் எல்.எல்.எம். படிப்புக்கும் கேட்ஸ் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கிறேன். படிப்புக்கு வேண்டிய இரண்டு கல்விப் பரிந்துரைகளில் ஒன்றைத் தாங்கள் தர இயலுமா? என் ஆய்வையும் எழுத்தையும் பற்றி உறுதியாக எழுத முடியும் என்று தங்களுக்குத் தோன்றினால் போதும். வேலைப்பளுவாலோ வேறு காரணத்தாலோ இயலாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். வேறொருவரைக் கேட்க எனக்கு நேரம் இருக்கிறது.

ஐந்தாம் பருவத்தில் என் மதிப்பெண் சரிந்தது. அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக அப்போது நெடுநாள் ஊரில் இருக்க நேர்ந்தது. அடுத்த பருவங்களில் ஈடுகட்டியிருக்கிறேன். பொருத்தம் என்று கருதினால் இதைக் குறிப்பிடலாம்.

கடைசி நாள் டிசம்பர் 3. தாங்கள் சம்மதித்தால் தங்கள் கல்லூரி மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் பதிவேன். பல்கலைக்கழகத்திலிருந்து அந்த முகவரிக்கு ஓர் இணைப்பு வரும். மதிப்பெண் பட்டியல், தங்கள் குறிப்புகளோடு கூடிய கட்டுரை, நான் எழுதிவரும் நோக்க அறிக்கையின் வரைவு ஆகியவற்றை இத்துடன் அனுப்புகிறேன். நேரில் பேச வேண்டுமானால் தாங்கள் சொல்லும் நேரத்துக்கு வருகிறேன்.

நன்றியுடன்…”

இதில் அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் முதல் பத்தியைப் படித்ததுமே பேராசிரியருக்கு அந்தக் கட்டுரை கண்முன் வந்துவிடும். ஓரத்தில் தான் எழுதிய கேள்வி நினைவுக்கு வரும். அப்போது அவரால் இப்படி எழுத முடியும்: “முதல் வரைவில் சட்டப் பிரிவை விளக்குவதோடு நின்றுவிட்டார். அமலாக்கம் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். கடைகளுக்கே நேரில் போய் விசாரித்துவிட்டு, ஆய்வு அதிகாரம் ஏட்டில் இருப்பதற்கும் நடப்பில் இருப்பதற்கும் உள்ள இடைவெளியை அடுத்த வரைவின் மையமாக்கினார்.” விமர்சனத்தை ஏற்றுக்கொண்டு மேலே போகிற மாணவி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜில் அமர்ந்து படிப்பவருக்கு 22-ஏ பிரிவு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்து எழுதிய கடிதமா, பழைய கடிதத்தில் பெயரை மாற்றியதா என்று அவருக்கு ஒரே வாசிப்பில் தெரிந்துவிடும்.

இரண்டாம் பத்தியில் மறுப்பதற்கு ஒரு வாசல் திறந்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் ஆசிரியர்கள் மாணவர்களிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தயங்குவார்கள். சரி என்று சொல்லிவிட்டு, மனமில்லாமல் நான்கு வரி எழுதி அனுப்புவார்கள். போட்டி கடுமையான இடத்தில் அந்த நான்கு வரி, ‘இவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது’ என்று பொருள்பட்டுவிடும். அதனால், அவர் தயங்குகிறார் என்று தெரிந்தால் வற்புறுத்தக் கூடாது. துணைவேந்தர், ஓய்வுபெற்ற நீதிபதி என்று பெரிய பதவியில் இருப்பவர்களைத் தேடி ஓடுவதிலும் இதே ஆபத்துதான். கட்டுரையைத் திருத்திக் கொடுத்த உதவிப் பேராசிரியர் எழுதும் ஒரு பக்கம், பரிசளிப்பு விழாவில் கைகுலுக்கிய நீதிபதியின் கடிதத்தைவிட எடை கூடியது.

மதிப்பெண் சரிவை மாணவியே சொல்லிவிடுவது ஏன்? பட்டியலில் அது எப்படியும் தெரியத்தான் போகிறது. தன் நோக்க அறிக்கையில் அவரே விளக்கினால் சாக்குப்போக்கு போல ஆகிவிடும். “அந்தப் பருவத்தில் வீட்டில் ஒரு சிரமம் இருந்தது, அதற்குப் பிறகு இவருடைய தரம் இது” என்று ஆசிரியர் எழுதினால் அது வெறும் தகவலாக நின்றுவிடும். எழுதுவதும் விடுவதும் அவர் விருப்பம் என்று விட்டுவிட்டதும் சரியே.

கடிதம் எழுதும் முன் தனக்குத் தகுதி உண்டா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையின் பெயரைக் கேள்விப்பட்டு இறுதியாண்டு மாணவர்கள் சிலர் ஆசிரியர்களைத் தேடிப் போவதுண்டு. அதற்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலை, தேவை. கல்லூரியிலிருந்து நேராக வருபவர் அந்தக் கணக்கை எட்டுவது அரிது. ஆசிரியரிடம் ஒருமுறை வீணாகக் கேட்டுவிட்டால் அடுத்த முறை கேட்கத் தயக்கமாகிவிடும்.

இத்தனை ஒழுங்காகக் கேட்டாலும், “நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடறேன்” என்ற பதில் வரலாம். நம் கல்லூரிகளில் இது பரவலான பழக்கம். ஏற்கக் கூடாத பழக்கமும்கூட. பரிந்துரை என்பது இன்னொருவரின் சுதந்திரமான மதிப்பீடு. விண்ணப்பதாரரே எழுதினார் என்று தெரிந்தால் விண்ணப்பமே கேள்விக்குள்ளாகும். தெரிந்துவிடுவதும் எளிது. நோக்க அறிக்கையில் உள்ள வாக்கியப் போக்கும் பிடித்த சொற்களும் பரிந்துரையிலும் அப்படியே வந்து நிற்கும். இரண்டு பரிந்துரைகளையும் மாணவியே எழுதியிருந்தால் இன்னும் மோசம். இரண்டு பேராசிரியர்கள் ஒரே குரலில் பேசுவார்கள்.

பெரியவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? சொல்லவே வேண்டாம். “சார், நீங்களே எழுதணும்னு அங்கே விதி இருக்கு. உங்களுக்கு வேலை குறைய நான் குறிப்பு எழுதித் தர்றேன்” என்று அரைப் பக்கக் குறிப்பைக் கொடுத்தால் போதும். அவரிடம் படித்த பாடம், பெற்ற மதிப்பெண், கட்டுரையின் தலைப்பு, அதில் நடந்த மாற்றம், மாதிரி நீதிமன்றப் போட்டியில் வாதிட்ட வழக்கு. உண்மைகள் மட்டும் இருக்கட்டும். ‘சிறந்த’, ‘திறமையான’ போன்ற சொற்களை அவரே தேர்ந்துகொள்வார். அந்தத் தேர்வில்தான் அவருடைய மதிப்பீடு இருக்கிறது.

சம்மதம் கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து வரும் இணைப்பு சில சமயம் தேவையற்ற அஞ்சல்கள் சேரும் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். முகவரியைப் பதிந்த மறுநாளே, “சார், மெயில் வந்துதா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல், அந்த வாரத்தில் இன்னொன்று. பரிந்துரை வந்து சேர்ந்ததா என்பதை விண்ணப்பப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் தினமும் அவரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

என்ன எழுதினார் என்று கேட்கக் கூடாது. அவராகக் காட்டினால் ஒழிய அது அவருக்கும் தேர்வுக் குழுவுக்கும் இடையிலான விஷயம். மாணவி படித்துப் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் ஆசிரியரால் குறையையும் சேர்த்து எழுத முடிகிறது. குறையும் இருக்கும் கடிதத்தில்தான் புகழ்ச்சியை நம்புவார்கள். முடிவு எதுவானாலும் அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். கிடைக்காமல் போனால் அடுத்த ஆண்டு அதே பேராசிரியரிடம்தான் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும். அப்போது புதிதாகச் செய்த வேலை என்ன என்று ஒரு பத்தி சேர்த்துக் கேட்டால், அவரும் பழைய கடிதத்தைத் தூசி தட்டாமல் புதிதாக எழுதுவார்.