மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு: இந்த எண் எவ்வளவு உறுதி?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ரெட் ஆற்றங்கரையில் இருக்கிறது கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம். 1997ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் அளவுக்கு மிஞ்சிப் பனி கொட்டியது. வசந்தத்தில் அந்தப் பனி உருகினால் ஆறு எவ்வளவு உயரும் என்று தேசிய வானிலைச் சேவை நிபுணர்கள் கணக்கிட்டு, பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்கள்: 49 அடி. நகரத்தின் தடுப்புக் கரைகள் 51 அடி வரை தாங்கக்கூடியவை. இரண்டடி மிச்சம் இருக்கிறதே என்று நகரம் நம்பியது. ஏப்ரலில் ஆறு 54 அடியைத் தாண்டியது. கரைகள் உடைந்தன. ஏறக்குறைய நகரம் முழுவதும் வெளியேற வேண்டியதாயிற்று. தண்ணீர் சூழ்ந்து நின்ற நகர மையத்தில் தீயும் பிடித்து 11 கட்டடங்கள் நாசமாயின.

கணிப்பு ஐந்தடி தவறியது பெரிய குற்றமல்ல. அவ்வளவு உயரத்தில் ஆறு ஓடியபோது எடுத்த அளவீடுகள் மிகக் குறைவு. இவ்வளவு தண்ணீர் வந்தால் மட்டம் இவ்வளவு ஏறும் என்ற பழைய வரைகோட்டை, அளந்து பார்க்காத உயரத்துக்கும் நீட்டித்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது. நேட் சில்வர் என்ற புள்ளியியலாளர் 2012இல் வெளிவந்த தமது புத்தகத்தில் இந்த வெள்ளத்தை ஆராய்ந்திருக்கிறார். அந்தச் சேவையின் முந்தைய கணிப்புகள் தவறிய அளவைப் பார்த்தால், 49 அடி என்பதில் ஒன்பது அடி கூடவும் வாய்ப்பு இருந்தது, குறையவும் வாய்ப்பு இருந்தது என்கிறார். அதாவது கரைகளைத் தண்ணீர் தாண்டுவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. நிபுணர்களுக்கு இது தெரியாததல்ல. பிழை வரம்பைச் சொன்னால் மக்கள் கணிப்பையே நம்பமாட்டார்கள் என்று தயங்கினார்கள். 49 என்ற எண் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்பது என்ற எண் போகவில்லை.

இரண்டு மாத அவகாசம் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு ஆபத்து என்று தெரிந்திருந்தால் கரையை உயர்த்துவதா, வீடுகளுக்கு வெள்ளக் காப்பீடு எடுப்பதா, முதியவர்களை முன்கூட்டியே இடம் மாற்றுவதா என்று ஊர் கூடிப் பேசியிருக்க முடியும். அந்த முடிவுகள் ஊர்க்காரர்களுக்கும் நகர நிர்வாகத்துக்கும் உரியவை. அவற்றை எடுக்கத் தேவையான தகவலோ நிபுணர்களின் மேசையிலேயே தங்கிவிட்டது.

இதே காட்சி சிறிய அளவில் எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியது. தரவுகளை அலசுபவர் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கிறார். மேலாளர் கணக்கு படித்தவரல்ல, அவருக்கு நேரமும் இல்லை. “சரி, எவ்வளவு என்று ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்” என்கிறார். இவர் ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு வருகிறார். அல்லது பயந்துபோய் ‘உறுதியாகச் சொல்ல முடியாது, மேலும் ஆராய வேண்டும்’ என்று மழுப்புகிறார். இரண்டாலும் மேலாளருக்குப் பயனில்லை. வேண்டியது ஒரு பக்கத்துக்குள் அடங்கும் குறிப்பு. எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது, தெரியாத பகுதி முடிவை மாற்றுமா என்று அது சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். துணிக்கடை நிறுவனம் ஒன்றுக்கு 2 லட்சம் பழைய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ‘புதுச் சரக்கு வந்திருக்கிறது, வாருங்கள்’ என்று வாட்ஸ்ஆப் செய்தி அனுப்பினால் விற்பனை கூடுமா என்பது கேள்வி. குலுக்கல் முறையில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்துச் செய்தி அனுப்புகிறார்கள். அதேபோல் தேர்ந்தெடுத்த இன்னோர் ஆயிரம் பேருக்கு அனுப்பவில்லை. இரண்டு வாரத்தில் செய்தி போகாதவர்களில் 50 பேர் வந்து வாங்கினார்கள். செய்தி போனவர்களில் 62 பேர். பன்னிரண்டு பேர் அதிகம். ‘விற்பனை 24 சதவீதம் உயர்ந்தது’ என்று தலைப்புப் போட்டுவிடலாம். அப்படிப் போட்டால் கிராண்ட் ஃபோர்க்ஸில் நடந்த தவறுதான் இங்கேயும் நடக்கும். போக வேண்டிய குறிப்பு இப்படி இருக்கலாம்:

*பெறுநர்: விற்பனை மேலாளர்*

*பொருள்: வாட்ஸ்ஆப் செய்தியை எல்லோருக்கும் அனுப்பலாமா?*

*இப்போது வேண்டாம். தீபாவளிக் கூட்டம் முடிந்தபின் ரூ.12,000 செலவில் இரண்டு வாரச் சோதனை ஒன்று நடத்திவிட்டு முடிவெடுக்கலாம்.*

*முதல் சோதனையில், செய்தி போன ஆயிரம் பேரில் 12 பேர் கூடுதலாக வாங்கினார்கள். ஆனால் செய்தியின் உண்மையான பலன், ஆயிரத்துக்கு 8 பேர் குறைவது முதல் 32 பேர் கூடுவது வரை எதுவாகவும் இருக்கலாம். யாருக்குமே செய்தி அனுப்பாமல் இரண்டு ஆயிரம் பேரை ஒப்பிட்டிருந்தாலும், நான்கைந்து தடவையில் ஒரு தடவை இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கும்.*

*எல்லோருக்கும் அனுப்ப ரூ.1.5 லட்சம் ஆகும். ஒரு கூடுதல் விற்பனைக்கு ரூ.150 லாபம் என்பதால், ஆயிரத்துக்கு 5 பேராவது கூடினால்தான் போட்ட பணம் திரும்பும். இப்போதைய கணக்கில் ரூ.8.1 லட்சம் லாபமும் வரலாம், ரூ.3.9 லட்சம் நஷ்டமும் வரலாம். லாபத்துக்கே வாய்ப்பு அதிகம். நடுமதிப்பு ரூ.2.1 லட்சம் லாபம்.*

*புதிய சோதனையில் பக்கத்துக்கு 16,000 பேரை எடுத்தால் இந்த இடைவெளி நான்கில் ஒன்றாகச் சுருங்கும். அப்போதும் 12 என்றே வந்தால் உண்மை 7க்கும் 17க்கும் இடையில் இருக்கும். தயங்காமல் அனுப்பலாம்.*

*ஒரு எச்சரிக்கை: முதல் சோதனை தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நடந்தது. மற்ற மாதங்களில் மக்கள் இதேபோல் நடந்துகொள்வார்களா என்பதை இந்தத் தரவு சொல்லாது.*

குறிப்பு இவ்வளவுதான். முடிவு முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. கணக்கு எப்படிப் போட்டோம் என்பதில் தொடங்கினால் மேலாளர் மூன்றாவது வரியைத் தாண்டமாட்டார். முக்கியமான செய்தியோ கடைசிப் பத்தியில் கிடக்கும்.

அடுத்து, 8 குறைவு முதல் 32 அதிகம் வரை என்ற அந்த வரம்பு. இது எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கால்குலேட்டர் இருந்தால் மேலாளரே சரிபார்க்கலாம். வாங்கியவர்கள் மொத்தத்தில் சில சதவீதமே இருக்கும்போது, சம அளவுள்ள இரண்டு குழுக்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. வாங்கியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 112. அதன் வர்க்கமூலம் 10.6. இரட்டித்தால் சுமார் 21. கிடைத்த வித்தியாசத்தில், அதாவது 12இல், இதைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் வரம்பு வந்துவிடுகிறது. துல்லியமான சூத்திரம் 20 என்கிறது, குறுக்குவழி 21 என்கிறது. முடிவெடுக்க இந்த வேறுபாடு பொருட்டல்ல. புள்ளியியலில் இதற்கு 95 சதவீத வரம்பு என்று பெயர். இதே முறையில் நூறு சோதனைகள் நடத்தி நூறு வரம்புகள் போட்டால், அவற்றில் ஏறத்தாழ 95 வரம்புகளுக்குள் உண்மை அடங்கியிருக்கும் என்று பொருள்.

இந்த வரம்பை மேலாளர்கள் இரண்டு விதமாகத் தவறாகப் படிப்பதுண்டு. ஆசைப்படுபவர் 32ஐ மட்டும் பார்க்கிறார், திட்டத்தை நிறுத்த நினைப்பவர் குறைவு 8ஐ மட்டும் பார்க்கிறார். வரம்புக்குள் எல்லா எண்களுக்கும் ஒரே வாய்ப்பு என்று நினைப்பதும் தவறு. நடுவில் இருப்பவைக்கு வாய்ப்பு அதிகம், இரு முனைகளுக்கும் மிகக் குறைவு. அதனால்தான் குறிப்பில் ‘லாபத்துக்கே வாய்ப்பு அதிகம்’ என்ற வரியும் நடுமதிப்பும் வரம்பின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

‘ஓரளவு வாய்ப்பு இருக்கிறது’, ‘கணிசமான சாத்தியம்’ போன்ற சொற்களை எண்ணுக்குப் பதிலாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க உளவுத்துறையிலேயே பாடம் உண்டு. 1951இல் சோவியத் அணி யூகோஸ்லாவியாவைத் தாக்குவது ‘கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டிய சாத்தியம்’ என்று ஓர் அறிக்கை போனது. அதைத் தயாரித்த குழுவைச் சேர்ந்த ஷெர்மன் கென்ட், அந்தச் சொற்களால் தாம் குறித்தது 65 சதவீதம் என்றார். பிறகு சக உறுப்பினர்களைக் கேட்டபோது ஒருவர் 20 சதவீதம் என்றார், இன்னொருவர் 80 என்றார். அறிக்கையை எழுதி ஒப்புக்கொண்டவர்களுக்கே இந்தக் கதி. அதைப் படித்து முடிவெடுப்பவர் எதை நினைத்திருப்பார்?

குறிப்பில் லாப நஷ்டம் ரூபாயில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. நிச்சயமின்மை தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. அது முடிவை மாற்றுமா என்பதே கேள்வி. எல்லோருக்கும் அனுப்ப ரூ.15,000தான் ஆகும் என்றால், ஆயிரத்துக்கு அரை ஆள் கூடினாலே போதும். அப்போது இன்னொரு சோதனை தேவையே இல்லை, அனுப்பிவிடலாம். இங்கே எல்லைக்கோடு 5. அது வரம்பின் நடுப்பகுதிக்கு அருகில் விழுகிறது. அதனால்தான் காத்திருப்பது நல்லது. கிராண்ட் ஃபோர்க்ஸில் அந்த எல்லைக்கோடு 51 அடி. அதுவும் வரம்புக்குள்தான் விழுந்தது.

இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்தால் போதாதா என்று மேலாளர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆள் எண்ணிக்கையை இரட்டித்தால் வரம்பு பாதியாகும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். நான்காயிரம் பேரை எடுத்து மறுபடியும் 12 என்றே வந்தால் வரம்பு 2 முதல் 22 வரை இருக்கும். 5 இன்னமும் உள்ளேயே நிற்கும், இரண்டு வாரம் வீணாகும். கால் பங்காகச் சுருக்கப் பதினாறு மடங்கு வேண்டும். செய்தி ஒன்றுக்கு 75 காசு என்பதால் அதற்கு ரூ.12,000 போதும்.

குறிப்பின் கடைசிப் பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தற்செயலால் வரும் தடுமாற்றம் ஆட்களைக் கூட்டினால் குறையும். தீபாவளியால் வரும் சந்தேகம் அப்படிக் குறையாது. அந்த இரண்டு வாரத்திலேயே லட்சம் பேரை எடுத்தாலும் சித்திரை மாதத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஆட்கள் கூடக்கூட வரம்பு சுருங்கி, எண் கூடுதல் உறுதியோடு நிற்பதுபோல் தோன்றும், தவறும் அதே உறுதியோடு நிற்கும். அளக்காத உயரத்துக்கு வரைகோட்டை நீட்டிய ஆற்றுக் கணக்கிலும் இந்த இரண்டாம் வகைச் சந்தேகமே இருந்தது. அதற்குச் சூத்திரம் கிடையாது. தரவு எப்போது, எங்கே, யாரிடம் எடுக்கப்பட்டது என்று நேராக எழுதுவதுதான் வழி.

குறிப்பை எழுதுபவரிடம் மட்டும் பொறுப்பை விட்டுவிடக் கூடாது. ‘உறுதியாகத் தெரியாது’ என்று சொன்ன ஊழியரைத் திறமையற்றவராக நினைக்கும் மேலாளருக்கு, அடுத்த முறை ஒற்றை எண்தான் வந்து சேரும். மேலாளர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே. உங்கள் மேசைக்கு ஒரு எண் தனியாக வந்தால், கையெழுத்துப் போடுமுன் அதைக் கொண்டுவந்தவரை உட்காரவைத்து, இது எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எது தெரிந்தால் உங்கள் பரிந்துரை மாறும் என்று கேளுங்கள்.