வண்ணக் கட்டங்களிலிருந்து தேதிகளை எடுப்பது எப்படி?

போளூரில் நான் பணியாற்றும் பள்ளியில் ஒவ்வொரு மாதமும் செயல்பாட்டு அட்டவணை ஒன்று தயாராகும். இடப்பக்கம் செயல்பாட்டின் பெயர், மேலே 1 முதல் 31 வரை தேதிகள். எந்தெந்த நாள்களில் செயல்பாடு நடக்குமோ அந்தக் கட்டங்களில் மட்டும் வண்ணம் தீட்டியிருப்போம். சுவரில் ஒட்டினால் பார்த்தவுடன் புரியும்.

சென்ற ஆண்டு இந்த அட்டவணையைப் பார்த்து, ஜவ்வாது மலையில் உள்ள ஒரு பள்ளிக்குத் தேதிகளை எழுதி அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. வண்ணப் பட்டையின் முடிவைக் கண்ணால் பார்த்தே எழுதினேன். ஒரு கட்டம் தள்ளிப் படித்துவிட்டேன். செயல்பாடு முடிந்த மறுநாள் காலை அங்கிருந்து பன்னிரண்டு பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் பேருந்து பிடித்து இறங்கி வந்து நின்றார்கள். தவறு என்னுடையது. அன்றிலிருந்து தேதிகளை நான் கண்ணால் எடுப்பதில்லை, கணினியையே எடுக்க வைக்கிறேன். அந்த முறையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

இவ்வகைப் பட்டை வரைபடத்தைக் காண்ட் வரைபடம் என்பார்கள். 1910-களில் இதைப் பரவலாக்கிய அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட்டின் பெயர் இது. முறைப்படி முதலில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும், அவற்றிலிருந்து பட்டையை வரைவார்கள். நாமோ பட்டையை மட்டும் வரைந்துவிட்டு, பிறகு தேதியைத் தேடுகிறோம். எக்செல் சூத்திரங்கள் கட்டத்துக்குள் இருக்கும் மதிப்பைத்தான் படிக்கும், வண்ணத்தைப் படிக்காது. ஆகவே முதல் வேலை, வண்ணத்தை மதிப்பாக மாற்றுவது.

எடுத்துக்காட்டு: ஜூலை 2025

A நெடுவரிசையில் வரிசை எண், B-யில் செயல்பாட்டின் பெயர், C முதல் AG வரை 31 நாள்கள், இரண்டாம் வரிசையில் தேதிகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று செயல்பாடுகள் உள்ளன.

- வாசிப்புப் பயிற்சி (வரிசை 3): 7 முதல் 11 வரையும் 14 முதல் 18 வரையும் வண்ணம். இடையில் சனி, ஞாயிறு வெறுமை.
- மரக்கன்று நடுதல் (வரிசை 4): 21 முதல் 25 வரை.
- கலைப் பயிற்சி (வரிசை 5): 3, 4 தேதிகளில் ஒரு சுற்று. 28 முதல் 30 வரை மறு சுற்று.

படி 1: தலைப்பில் உண்மையான தேதி

பெரும்பாலும் தலைப்பில் 1, 2, 3 என்று வெறும் எண்ணே இருக்கும். அதை அப்படியே விட்டால் விடை 07-01-1900 என்பது போல வரும். C2-இல் முதல் சூத்திரத்தையும், D2-இல் இரண்டாவதையும் இட்டு, D2-வை AG வரை இழுத்துவிடுங்கள்.

```
=DATE(2025,7,1)
=C2+1
```

கட்ட வடிவமைப்பில் `d` என்று கொடுத்தால் முன்பு போலவே நாள் எண் மட்டும் தெரியும், உள்ளே முழுத் தேதி இருக்கும்.

படி 2: வண்ணக் கட்டங்களில் 1 இடுதல்

கோப்பை நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். இணைத்த கட்டங்கள் இருந்தால் முதலில் `Unmerge Cells` கொடுத்துப் பிரித்துவிடுங்கள். பிரிக்காவிட்டால் முதல் கட்டத்தில் மட்டுமே மதிப்பு நிற்கும், தொடக்கமும் முடிவும் ஒரே தேதியாக வரும்.

பிறகு C3 முதல் AG5 வரை தேர்ந்தெடுத்து, `Ctrl+H` அழுத்துங்கள். `Options` திறந்து, `Find what` பெட்டியை வெறுமையாக விட்டு, அதன் அருகே உள்ள `Format` அம்புக்குறியில் `Choose Format From Cell` தேர்ந்து, வண்ணமுள்ள ஒரு கட்டத்தைச் சொடுக்குங்கள். `Replace with` பெட்டியில் 1 என எழுதுங்கள். உடனே மாற்றிவிடாமல் முதலில் `Find All` அழுத்துங்கள். எத்தனை கட்டங்கள் கிடைத்தன என்று கீழே காட்டும். நம் எடுத்துக்காட்டில் 10, 5, 5 எனக் கூட்டி 20 வர வேண்டும். சரியாக இருந்தால் `Replace All`.

எண்ணிக்கை குறைந்தால் காரணம் பெரும்பாலும் கட்டக்கோடுதான். இந்த வழி வண்ணத்தோடு கோடு, எழுத்துரு, சீரமைப்பு எல்லாவற்றையும் ஒப்பிடும். ஓரக் கட்டத்தில் தடித்த கோடு இருந்தால் அது விடுபடும். தேர்ந்த பகுதி முழுவதற்கும் ஒரே கோட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் தேடுங்கள். ஒரே பச்சையில் இரு சாயல் பயன்படுத்தியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியே தேட வேண்டும். `Conditional Formatting` மூலம் வந்த வண்ணத்தை இந்தத் தேடல் காணாது. அங்கே வண்ணத்துக்குக் காரணமான விதியையே பார்க்க வேண்டும்.

படி 3: தேதிகளை எடுத்தல்

AH-ஐ வெறுமையாக விட்டு, AI3-இல் தொடக்கம், AJ3-இல் முடிவு.

```
=MINIFS($C$2:$AG$2,$C3:$AG3,1)
=MAXIFS($C$2:$AG$2,$C3:$AG3,1)
```

1 உள்ள கட்டங்களுக்கு மேலே இருக்கும் தேதிகளில் சிறியது தொடக்கம், பெரியது முடிவு. இவற்றை வரிசை 5 வரை இழுத்து, தேதி வடிவம் கொடுங்கள். 00-01-1900 என்று வந்தால் அந்த வரிசையில் 1 எதுவும் விழவில்லை என்று பொருள். பழைய எக்செல்லில் `#NAME?` என்று வந்தால் கீழ்க்கண்ட இரண்டையும் பயன்படுத்தலாம்.

```
=INDEX($C$2:$AG$2,MATCH(1,$C3:$AG3,0))
=LOOKUP(2,1/($C3:$AG3=1),$C$2:$AG$2)
```

படி 4: சரிபார்த்தல்

இந்தப் படியை விட்டுவிட வேண்டாம். கலைப் பயிற்சிக்குக் கணினி தந்த விடை 3 முதல் 30 வரை. சூத்திரத்தில் பிழை இல்லை, ஆனால் நடுவில் மூன்று வாரங்களுக்கும் மேலாக எதுவும் நடக்கவில்லை. இதைப் பிடிக்க AK3-இல் வண்ண நாள்களின் எண்ணிக்கையையும், AL3-இல் இரு தேதிகளுக்கு இடைப்பட்ட வேலை நாள்களையும் எடுங்கள்.

```
=COUNTIF($C3:$AG3,1)
=NETWORKDAYS(AI3,AJ3)
```

வாசிப்புப் பயிற்சியில் இரண்டும் 10. இடைவெளி வார விடுமுறை மட்டுமே, ஆகவே 7 முதல் 18 வரை என ஒரே செயல்பாடாக எழுதலாம். மரக்கன்று நடுதலில் இரண்டும் 5. கலைப் பயிற்சியில் 5-க்கு எதிரே 20 நிற்கிறது. இப்படி வேறுபட்டால் அது ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று. அந்த வரிசையை நகலெடுத்து, மேல் வரிசையில் முதல் சுற்றையும் கீழ் வரிசையில் இரண்டாம் சுற்றையும் மட்டும் விட்டு மற்ற 1-களை அழித்துவிட்டால், 3 முதல் 4 வரை, 28 முதல் 30 வரை என இரு வரிகள் கிடைக்கும்.

சனிக்கிழமையும் வேலை நாளானால் `NETWORKDAYS.INTL(AI3,AJ3,11)` பொருந்தும், அது ஞாயிறை மட்டும் கழிக்கும். அரசு விடுமுறை இடையில் வந்தாலும் எண்கள் வேறுபடும். அப்போது விடுமுறைப் பட்டியலைச் சூத்திரத்தில் கடைசி உறுப்பாகச் சேர்க்க வேண்டும்.

வார அட்டவணையாக இருந்தால்

ஆண்டுத் திட்டத்தில் ஒரு கட்டம் ஒரு வாரத்தைக் குறிக்கும். தலைப்பில் திங்கள்கிழமையின் தேதி இருந்தால், MAXIFS தருவது கடைசி வாரத்தின் திங்களையே. வெள்ளி வரை நடக்கும் செயல்பாட்டுக்கு அந்த விடையோடு 4 கூட்ட வேண்டும். வாரத்தின் நடுவே தொடங்கியதா என்பதை இந்த அட்டவணை சொல்லாது. அதற்குப் பொறுப்பாசிரியரைத்தான் கேட்க வேண்டும்.

வண்ணத்தைப் பின்னர் மாற்றினால் 1 தானாக மாறாது. ஆகவே இப்போது நான் முதலில் 1 இடுகிறேன், 1 உள்ள கட்டம் வண்ணம் பெறும்படி விதி அமைத்துவிடுகிறேன். மலைப் பள்ளிக்கு வண்ண அட்டவணை போவதில்லை. கறுப்பு வெள்ளை நகலில் எல்லா வண்ணமும் ஒரே சாம்பலாகிவிடும். செயல்பாடு, தொடக்கம், முடிவு என மூன்றே பத்திகள் கொண்ட தாள்தான் போகிறது.