ஊசல் ஏன் 9.63 சொன்னது?

பதினோராம் வகுப்பு இயற்பியல் ரெக்கார்டு நோட்டுகளில் தனி ஊசல் சோதனையின் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “காற்றுத் தடை, மனிதப் பிழை ஆகியவற்றால் விடை சற்று மாறியது. இன்னும் கவனமாகவும் நவீனக் கருவிகளைக் கொண்டும் செய்தால் சரியான விடை கிடைக்கும்.” இதைப் படித்துவிட்டு ஒருவர் மறுநாள் ஆய்வகத்துக்குப் போனால், எதை மாற்றிச் செய்வது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பத்தியின் குறை அதுதான்.

ஒரு மாணவர் இந்தச் சோதனையைச் செய்ததாக வைத்துக்கொள்வோம். நூலின் நீளம் 100 செ.மீ. இருபது அலைவுகளுக்கு ஸ்டாப்வாட்ச் மூன்று முறை காட்டியது 40.4, 40.5, 40.6 வினாடி. சராசரி 40.5 என்றால் ஓர் அலைவுக்கு 2.025 வினாடி. சூத்திரத்தில் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9.63 வருகிறது. சென்னையில் அது சுமார் 9.78. குறைவது 0.15.

கடைசிப் பத்தி இந்த 0.15-இலிருந்துதான் தொடங்க வேண்டும். யார் மீது பழி போட்டாலும், அவரால் இவ்வளவு தூரம் விடையை இழுக்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.

காற்றை எடுத்துக்கொள்வோம். பித்தளைக் குண்டின் அடர்த்தி காற்றைப் போல ஏறத்தாழ 7,000 மடங்கு. ஆகவே காற்றின் மிதப்பு விசை விடையைக் குறைப்பது 0.0014 அளவுக்குத்தான், நூறு மடங்கு போதவில்லை. வெற்றிடத்தில் செய்யலாம் என்ற யோசனை இங்கேயே விழுந்துவிடுகிறது. கைவிரலின் தாமதம்? மூன்று அளவீடுகளும் 0.1 வினாடிக்குள் சிதறியிருக்கின்றன. நாற்பது வினாடியில் அது கால் சதவீதம். அலைவுக்காலம் சூத்திரத்தில் வர்க்கமாக வருவதால் விடையில் அரை சதவீதம், அதாவது 0.05. பாதிகூட வரவில்லை. அலைவை ஒன்று தவறாக எண்ணியிருந்தால் விடை பத்து சதவீதம் மாறியிருக்கும். அது மிக அதிகம்.

மிச்சம் இரண்டு பேர். ஒன்று, குண்டை அகலமாக இழுத்து விட்டிருக்கலாம். சூத்திரம் சிறு கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். 20 பாகையில் விட்டால் அலைவுக்காலம் முக்கால் சதவீதம் நீண்டு, விடை சரியாக 0.15 குறையும். இரண்டு, நூலை மட்டும் அளந்து குண்டின் ஆரத்தை விட்டிருக்கலாம். ஆரம் 1 செ.மீ. என்றால் 0.10 குறையும். மீதியைக் கைவிரல் தாமதம் ஈடுகட்டக்கூடும். நோட்டில் கோணமும் இல்லை, குண்டின் விட்டமும் இல்லை என்பதால் இருவரில் யார் என்று எழுதிவைத்ததிலிருந்து சொல்ல முடியாது. செய்துதான் பார்க்க வேண்டும்.

ஆனால் 20 அலைவுகளிலேயே திரும்பச் செய்தால் பயனில்லை. கோணம்தான் காரணம் என்றால், சிறு கோணத்தில் 40.2 வரும், நீளம்தான் காரணம் என்றால் 40.4 வரும். சிதறலோ 0.1. இந்த இரண்டையும் நம்பிப் பிரிக்க முடியாது. அதனால் அலைவுகளை 50 ஆக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் விரல் செய்யும் பிழை அப்படியே இருக்க, வித்தியாசம் மட்டும் அரை வினாடியாகப் பெருகும். இப்போது அந்தக் கடைசிப் பத்தியை இப்படி எழுதலாம்:

“0.15 குறைவுக்குக் கோணமோ குண்டின் ஆரமோ காரணமாக இருக்கலாம். அதே நூலில், பாகைமானி வைத்து 5 பாகைக்குள் விட்டு, 50 அலைவுகளை ஐந்து முறை அளக்க வேண்டும். 100.5 வினாடியை ஒட்டி வந்தால் காரணம் கோணம். 101 வினாடியை ஒட்டி நின்றால் நீளத்தில் பிழை. குண்டின் விட்டத்தை வெர்னியர் அளவியால் எடுத்து, பாதியை நூலோடு கூட்ட வேண்டும்.”

இதில் என்ன செய்வது, எத்தனை முறை, எந்த எண் வந்தால் என்ன பொருள் என்பதெல்லாம் இருக்கின்றன. முக்கியமாக, எழுதியவரின் சந்தேகம் தவறென்று நிரூபணமாகவும் வழி இருக்கிறது.

நீளத்தின் மீதுள்ள சந்தேகத்துக்கு இன்னும் நல்ல தொடர்சோதனை உண்டு. நூலை 40 முதல் 120 செ.மீ. வரை ஐந்தாறு நீளங்களில் மாற்றி, நீளத்துக்கு எதிராக அலைவுக்காலத்தின் வர்க்கத்தை வரைபடமாக்கலாம். ஆரம் விடுபட்டிருந்தால் கோடு மூலப்புள்ளி வழியே போகாமல், செங்குத்து அச்சை 0.04-இல் வெட்டும். கோட்டின் சாய்வு மட்டும் மாறாது. அதிலிருந்து கணக்கிடும் ஈர்ப்பு முடுக்கம் ஆரப் பிழையிலிருந்து தப்பிவிடும்.

ஊசலின் உண்மையான நீளம் எது என்ற இதே சிக்கலைத்தான் ஹென்றி கேட்டர் எதிர்கொண்டார். தென்னிந்தியாவில் லாம்டனின் நில அளவையில் பணியாற்றிய இவர், இங்கிலாந்து திரும்பிய பின் தலைகீழாகவும் தொங்கவிடக்கூடிய ஊசலைச் செய்து, 1818-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு கத்திமுனைகளில் எதில் தொங்கவிட்டாலும் அலைவுக்காலம் ஒன்றாகும்படி சரிசெய்தால், அவற்றுக்கு இடையிலான தூரமே நீளம். குண்டின் மையத்தைத் தேட வேண்டியதே இல்லை.

பள்ளி வரைபடத்தில் கோடு மூலப்புள்ளி வழியே போய், சிறு கோணத்திலும் விடை குறைவாகவே வந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது தாங்கியை. குண்டோடு சேர்ந்து அதுவும் லேசாக ஆடினால் அலைவுக்காலம் நீளும். தாங்கியின் அடியில் கனமான எடையை வைத்து அதே 50 அலைவுகளை மறுபடி அளந்தால் அதுவும் தெரிந்துவிடும்.